72-ஆல் வகுபடுமா என்று பார்க்க 6-ஐயும் 12-ஐயும் சோதித்தால் போதுமா?

பொருநை_வாசு · 4 ஜூன், இரவு 9:40

குரூப் 4-க்குப் படிக்கிறேன். பயிற்சி மையத்தில் கொடுத்த நோட்ஸில், பெரிய எண்ணால் வகுபடுமா என்று பார்க்க அதை இரண்டு சின்ன எண்களின் பெருக்கலாக உடைத்து, இரண்டாலும் வகுபடுகிறதா என்று தனித்தனியாகப் பார்த்தால் போதும் என்று போட்டிருக்கிறார்கள். உதாரணத்துக்கு 72 = 6 × 12. அதே பக்கத்தில் இந்தக் கேள்வியும் இருக்கிறது: 3A68B என்ற ஐந்திலக்க எண் 72-ஆல் வகுபட்டால் A, B என்ன?

(அ) 0, 4
(ஆ) 4, 0
(இ) 2, 8
(ஈ) 5, 8

நோட்ஸ் சொன்ன மாதிரியே செய்து பார்த்தேன். நான்குமே 6-ஆலும் வகுபடுகிறது, 12-ஆலும் வகுபடுகிறது. 30684, 34680, 32688, 35688, நீங்களும் போட்டுப் பாருங்கள். ஆனால் விடை (இ) என்று மட்டும் இருக்கிறது, விளக்கம் இல்லை. முறை தப்பா, கேள்வி தப்பா?

சதுரங்கன் · 4 ஜூன், இரவு 9:58

முறை தப்பு. உடைக்கும்போது இரண்டும் பகா எண்ணாக இருக்க வேண்டும், 6-ம் 12-ம் பகு எண்கள். அதனால்தான் குழப்பம்.

பொருநை_வாசு · 4 ஜூன், இரவு 10:05

72-ஐ இரண்டு பகா எண்களின் பெருக்கலாக எப்படி உடைப்பது? 2, 2, 2, 3, 3 என்று ஐந்து வருகிறதே.

சதுரங்கன் · 4 ஜூன், இரவு 10:11

அப்படியென்றால் 2-ஆலும் 3-ஆலும் வகுபட்டால் போதும்.

பொருநை_வாசு · 4 ஜூன், இரவு 10:12

6 என்ற எண்ணே 2-ஆலும் 3-ஆலும் வகுபடும். அது 72-ஆல் வகுபடுமா?

கமலா_டீச்சர் · 5 ஜூன், காலை 6:20

வாசு தம்பி, கேள்வி சரி, நோட்ஸ்தான் தப்பு. சதுரங்கன் பகா எண் பக்கம் போனது சரியான திசைதான், பாதியில் நின்றுவிட்டார்.

12-ஐ உடைத்தால் 2 × 2 × 3. 6-ஐ உடைத்தால் 2 × 3. ஓர் எண் 12-ஆல் வகுபடுகிறது என்று தெரிந்தவுடனே அதற்குள் இரண்டு 2-ம் ஒரு 3-ம் இருப்பது உறுதி. அப்புறம் 6-ஆல் வகுபடுமா என்று கேட்டால் அந்த எண் எதைக் காட்டும்? ஏற்கனவே காட்டிய அதே 2-ஐயும் அதே 3-ஐயும்தான் திரும்பக் காட்டும். புதிதாக ஒன்றும் வராது. 6 சோதனையே இங்கே வீண். இரண்டு சோதனையிலும் தேறிய எண்ணுக்கு உறுதியாகத் தெரிவது 12-ஆல் வகுபடும் என்பது மட்டும்தான்.

இரண்டு எண்களாலும் தனித்தனியே வகுபடுமா என்று சோதிக்கும்போது நாம் உண்மையில் சோதிப்பது அவற்றின் மீ.பொ.ம-வை. பெருக்கலை இல்லை. 6, 12 இரண்டுக்கும் மீ.பொ.ம 12. நோட்ஸ் எழுதியவர் பெருக்கல் 72 என்று பார்த்தாரே ஒழிய மீ.பொ.ம என்ன என்று பார்க்கவில்லை.

ஆகவே 72-ஐ உடைத்தால் மீ.பொ.ம-வும் 72-ஆகவே வர வேண்டும். அதற்கு ஒரே பகா எண் இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது. மூன்று 2-ம் ஒரு பக்கம், இரண்டு 3-ம் மறு பக்கம். அதாவது 8-ம் 9-ம். இரண்டுமே பகா எண் இல்லை, ஆனால் இரண்டுக்கும் பொதுவாக ஒன்றுமில்லை. சார்பகா எண்கள் என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோமே, அது உதவும் இடம் இதுதான். 4 × 18, 3 × 24, 2 × 36 எல்லாம் போட்டுப் பாருங்கள், எதற்கும் மீ.பொ.ம 72 வராது.

பொருநை_வாசு · 5 ஜூன், காலை 7:02

சரி டீச்சர், அப்படியே போட்டேன். 8-க்குக் கடைசி மூன்று இலக்கம் 68B. 680-ம் 688-ம் மட்டும் வகுபடுகிறது, அதனால் B 0 அல்லது 8. 9-க்கு இலக்கங்களின் கூடுதல் 17 + A + B. B = 0 என்றால் A = 1, எண் 31680. B = 8 என்றால் A = 2, எண் 32688. முதலாவது கொடுத்த விடைகளில் இல்லை, இரண்டாவது (இ).

(அ)-வை ஏன் வைத்தார்கள் என்று இப்போது புரிகிறது. 30684-ல் கடைசி மூன்று 684, 8-ஆல் போகாது. கூடுதல் 21, 9-ஆலும் போகாது. (ஆ)-வும் (ஈ)-யும் 8-ல் தேறி 9-ல் விழுகின்றன. கேள்வியை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, நான்கையும் 12-ஆல் வகுபடும்படி பார்த்துத்தான் வைத்திருக்கிறார். அந்தக் கேள்வியை எடுத்து நோட்ஸில் ஒட்டியவருக்குத்தான் தெரியவில்லை போல.

மில்லிங்_செல்வம் · 5 ஜூன், மதியம் 1:15

72 தானே, ரொம்ப சுலபம். 27 துளை வட்டத்தில் 15 துளை நகர்த்துங்கள். 18 வட்டம் மாட்டியிருந்தால் 10 துளை. 6, 12 என்று பிரித்தெல்லாம் போட வேண்டாம், நேராகவே வரும்.

பொருநை_வாசு · 5 ஜூன், மதியம் 1:30

அண்ணா, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

மில்லிங்_செல்வம் · 5 ஜூன், மதியம் 1:52

பல்சக்கரத்துக்கு 72 பல் வகுப்பதைக் கேட்கிறீர்கள் என்று நினைத்தேன். நான் கோவையில் மில்லிங் மெஷினில் வேலை செய்கிறேன். டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் ஜாப் ஒரு சுற்று வரும். 72 பல் என்றால் ஒரு பல்லுக்கு 40/72 சுற்று, சுருக்கினால் 5/9. அதனால் 9-ஆல் வகுபடுகிற துளை வட்டம் வேண்டும், 18-ம் 27-ம் பிளேட்டிலேயே இருக்கிறது.

கணக்கு பரீட்சை என்றால் எனக்கு வேலை இல்லை. ஆனால் மீ.பொ.ம பற்றிப் பேசுவதால் ஒன்று கேட்கிறேன். 24 பல் சின்னச் சக்கரமும் 36 பல் பெரிய சக்கரமும் கடித்து ஓடுகின்றன. சின்னதில் ஒரு பல் லேசாகச் சிதைந்துவிட்டது. பெரியதைக் கழற்றிப் பார்த்தால் மூன்றே மூன்று பல்லில் மட்டும் தேய்மானம் இருக்கும், அதுவும் சரியாகப் பன்னிரண்டு பன்னிரண்டு பல் தள்ளி. இதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். ஏன் மூன்று, ஏன் பன்னிரண்டு?

நல்லூர்_கஜன் · 5 ஜூன், இரவு 8:10

செல்வம் அண்ணை, அது டீச்சர் சொன்ன அதே கதைதான். 24-க்கும் 36-க்கும் பொ.ம.சி 72. 72 பல் கடந்தால் சின்னது மூன்று சுற்று, பெரியது இரண்டு சுற்று முடிந்து, தொடங்கிய அதே இரண்டு பல்லும் திரும்பச் சந்திக்கும். அதற்குள் சின்னதின் சிதைந்த பல் மூன்று தடவைதான் கடித்திருக்கும். அதற்குப் பிறகும் அதே மூன்றுதான், வேறு பல்லைத் தொடவே தொடாது.

பன்னிரண்டு எப்படி வருகிறது என்றால், சின்னது ஒரு சுற்று முடிக்கும்போது பெரியது 24 பல் நகர்ந்திருக்கும். 0, 24, அப்புறம் 48, அதாவது 36 போக 12, அப்புறம் 36, அதாவது திரும்ப 0. மூன்று இடமும் 12 பல் இடைவெளி. 24-க்கும் 36-க்கும் பொதுக் காரணிகளுள் பெரியது 12 என்பதுதான் அந்த இடைவெளியாக வந்து நிற்கிறது.

மில்லிங்_செல்வம் · 5 ஜூன், இரவு 9:33

அதுதானா. எங்கள் பெரியவர் 36-க்குப் பதில் 37 போடு என்பார், காரணம் சொல்ல மாட்டார். 24-க்கும் 37-க்கும் பொதுவாக ஒன்றும் இல்லை, அப்போது 888 பல் கடந்த பிறகுதான் பழைய ஜோடி சந்திக்கும். சிதைந்த பல் 37 பல்லையும் முறை வைத்துத் தொடும், தேய்மானம் பரவிவிடும்.

எல்லா இடத்திலும் இப்படிப் போட முடியாது. இன்ஜினில் கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சரியாக ஓட வேண்டும், அங்கே ஒரு பல் கூட்டினால் வால்வு டைமிங் கெட்டுவிடும். வேகத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்கிற இடத்தில்தான்.

37 வெட்டுவதிலும் சிரமம் இல்லை. 40/37, ஒரு முழுச் சுற்றும் 37 வட்டத்தில் 3 துளையும். பிரௌன் அண்ட் ஷார்ப் பிளேட்டில் 37 இருக்கிறது. 53 கேட்டால்தான் தலைவலி. 53 பகா எண், பிளேட்டில் பெரிய வட்டமே 49. எந்த வட்டத்திலும் 53 இல்லாததால் நேராக வகுக்க வழியே கிடையாது, டிஃபரன்ஷியலுக்குப் போக வேண்டும்.

கமலா_டீச்சர் · 6 ஜூன், காலை 6:05

செல்வம் சார், 40/72-ஐச் சுருக்கி 9 வேண்டும் என்று கண்டுபிடித்தீர்களே, வாசு தேடுவதும் அதைத்தான். 40-க்குள் மூன்று 2 இருப்பதால் 72-ல் உள்ள மூன்று 2-ம் அடிபட்டுவிடுகிறது, இரண்டு 3 மட்டும் மிஞ்சுகிறது. அந்த இரண்டு 3-ம் துளை வட்டத்தில் இருந்தாக வேண்டும். 15 வட்டத்திலும் 3 உண்டு, ஆனால் ஒன்றுதான். அதனால் அது உதவாது. பகா எண் இருக்கிறதா என்பது மட்டுமில்லை, எத்தனை இருக்கிறது என்பதும் கணக்கு.

பொருநை_வாசு · 6 ஜூன், காலை 11:20

டீச்சர், ஒரு இடம் இன்னும் உறுத்துகிறது. 32688-ஐ 6-ஆல் வகுத்தால் 5448. 5448-ஐ 12-ஆல் வகுத்தால் 454. மீதி இல்லாமல் போகிறது. அப்போது 6 × 12 வேலை செய்கிறதே?

சதுரங்கன் · 6 ஜூன், காலை 11:41

அது தற்செயல். 32688 உண்மையிலேயே 72-ஆல் வகுபடுகிற எண் என்பதால் எப்படிப் போட்டாலும் போகும். தப்பான எண்ணைப் போட்டுப் பார், அதுவும் தேறிவிடும்.

பொருநை_வாசு · 6 ஜூன், மதியம் 12:03

போட்டுப் பார்த்தேன் சார். 30684-ஐ 6-ஆல் வகுத்தால் 5114. இது 12-ஆல் போகவில்லை, கூடுதல் 11, 3-ஆலேயே போகாது. தேறவில்லையே.

கமலா_டீச்சர் · 6 ஜூன், மாலை 5:30

தற்செயல் இல்லை. வாசு இப்போது செய்தது வேறு வேலை. மூல எண்ணையே இரண்டு தடவை சோதிப்பது ஒன்று. 6-ஆல் வகுத்து, வந்த ஈவை 12-ஆல் வகுப்பது இன்னொன்று. ஈவுக்குப் போகும்போது ஒரு 2-ஐயும் ஒரு 3-ஐயும் எடுத்துக் கழித்துவிட்டீர்கள். மிஞ்சியதில் 12-க்கு வேண்டியது இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். ஒரே 2-ஐ இரண்டு தடவை காட்டி ஏமாற்ற முடியாது. இந்த வழியில் 72-ஐ எப்படி உடைத்தாலும் சரி, 6 × 12, 4 × 18, 2 × 36 எதுவானாலும் சரியான விடைதான் வரும். 8-ம் 9-ம் வேண்டும் என்ற நிபந்தனை மூல எண்ணைத் தனித்தனியே சோதிப்பவருக்கு மட்டும்.

நோட்ஸ் எழுதியவர் இந்த இரண்டையும் கலந்துவிட்டார் என்று தோன்றுகிறது. ‘6-ஆல் வகுத்து வரும் ஈவை 12-ஆல் வகு’ என்று எங்கோ படித்ததை ‘6-ஆலும் 12-ஆலும் வகுபடுகிறதா பார்’ என்று சுருக்கி எழுதியிருக்கலாம்.

தேர்வில் ஈவு எடுத்துப் போவது நேரம் பிடிக்கும். A, B என்று தெரியாத இலக்கம் இருந்தால் வகுக்கவே முடியாது. அங்கே 8, 9 வழிதான்.

திருச்சி_அம்மா · 7 ஜூன், இரவு 10:15

இதைப் படித்துக்கொண்டு வந்தபோது என் மகள் கணக்கு ஞாபகம் வந்தது. ஆறாவது படிக்கிறாள். 12, 18, 4 மூன்றுக்கும் மீ.பொ.ம கேட்டார்கள். வரிசையாக எழுதி இடது பக்கம் வகுக்கும் எண் போடுவோமே, அந்த முறை. அவள் முதலில் 6 போட்டாள், 12-க்குக் கீழே 2, 18-க்குக் கீழே 3, 4 போகாது என்பதால் 4-ஐ அப்படியே இறக்கினாள். அடுத்து 2 போட்டாள், 1, 3, 2 வந்தது. இதற்கு மேல் எந்த இரண்டுக்கும் பொதுவாக இல்லை என்று நிறுத்தி 6 × 2 × 3 × 2 = 72 என்று எழுதினாள். விடை 36. மிஸ் சிவப்பு மையில் ‘பகா எண்ணால் மட்டும் வகு’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். எதற்காக என்று அவளும் கேட்கிறாள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு வகுத்தலும் சரியாகத்தானே செய்திருக்கிறாள்?

நல்லூர்_கஜன் · 7 ஜூன், இரவு 11:02

அக்கா, பிள்ளை வகுத்தது ஒன்றும் பிழையில்லை. 6-ஐப் போட்ட இடத்தில்தான் விஷயம். 6-க்குள் ஒரு 2-ம் ஒரு 3-ம் இருக்கு. 4-க்குள் 3 இல்லை என்பதால் 6-ஆல் போகவில்லை, அதனால் 4-ஐ முழுதாகக் கீழே இறக்கினா. ஆனால் அந்த 4-ல் இருக்கிற ஒரு 2, இடது பக்கம் 6-க்குள் ஏற்கனவே கணக்கில் வந்துவிட்டது. அதை அடித்திருக்க வேணும், 6 முழுதாகப் போகாததால் அடிபடாமல் தப்பிவிட்டது. அந்த ஒரு 2 கடைசியில் இரண்டாம் தடவை பெருக்கப்பட்டு 36 இரட்டிப்பாகி 72 ஆகிவிட்டது.

2 போட்டால் 6, 9, 2. திரும்ப 2 போட்டால் 3, 9, 1. அப்புறம் 3 போட்டால் 1, 3, 1. பெருக்கினால் 2 × 2 × 3 × 3 = 36. பகா எண் என்றால் ஒன்றில் இருக்கும் அல்லது இல்லை, பாதி இருக்கிற கதை கிடையாது. அதனால்தான் தப்ப வழியில்லை.

6 போட்டால் எப்பவுமே பிழைக்கும் என்றும் இல்லை. வரிசையில் இருக்கிற எல்லா எண்ணும் 6-ஆல் போனால் தாராளமாகப் போடலாம்.

திருச்சி_அம்மா · 7 ஜூன், இரவு 11:20

4-க்குள் இருந்த 2 தப்பித்துவிட்டது என்று சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்னும் தூங்கவில்லை, பக்கத்தில்தான் இருக்கிறாள். இப்போது வரிசை முறையே வேண்டாம், ஒவ்வொரு எண்ணையும் தனியாக உடைத்து எழுதுகிறேன் என்கிறாள். 12-ல் இரண்டு 2, ஒரு 3. 18-ல் ஒரு 2, இரண்டு 3. 4-ல் இரண்டு 2. எதில் அதிகமோ அதை எடுத்தால் 36.

கமலா_டீச்சர் · 8 ஜூன், காலை 6:12

எழுதட்டும், நல்ல பிள்ளை. எனக்கும் அதுதான் பிடித்த முறை, எந்த எண்ணிலிருந்து எது வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். வரிசை முறையில் வேகம் இருக்கிறது, ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்பது மறைந்துவிடுகிறது.

நல்லூர்_கஜன் · 8 ஜூன், மாலை 4:45

டீச்சர், அதில் நான் ஒத்துவரமாட்டேன். உடைப்பது சின்ன எண்களுக்குத்தான் சுகம். 391-க்கும் 437-க்கும் பொ.ம.சி கேட்டால் பிள்ளை என்ன செய்யும்? 2, 3, 5, 7, 11, 13 ஒன்றாலும் போகாது. இரண்டும் முதன்மை எண் என்று முடிவு கட்டி நேராகப் பெருக்கிவிடும். நான் கழித்துப் பார்ப்பேன். 437-லிருந்து 391 போனால் 46. இரண்டுக்கும் பொதுவாக ஏதும் இருந்தால் அது 46-க்குள்ளும் இருந்தே ஆக வேணும். 46 = 2 × 23. இரண்டும் ஒற்றை எண்கள், 2 கிடையாது. 23-ஐ மட்டும் பார்த்தால் போதும்: 391 = 17 × 23, 437 = 19 × 23. பொ.ம.சி 17 × 19 × 23 = 7429. கழித்த பிறகு உடைப்பதற்கு 46 என்ற சின்ன எண்தான் மிஞ்சுகிறது.

சதுரங்கன் · 8 ஜூன், மாலை 5:20

இதற்குச் சூத்திரமே இருக்கிறதே, பெருக்கலை மீ.பொ.கா-வால் வகுத்தால் மீ.பொ.ம. எத்தனை எண் இருந்தாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்.

நல்லூர்_கஜன் · 8 ஜூன், மாலை 5:37

இரண்டு எண்ணுக்கு மட்டும். 4, 6, 10 எடுங்கோ. பெருக்கினால் 240, மூன்றுக்கும் பொதுவானது 2, வகுத்தால் 120. உண்மையான விடை 60. மூன்றிலும் ஒவ்வொரு 2 கூடுதலாகக் கிடக்கு, மூன்றில் ஒன்றை வைத்து இரண்டை நீக்க வேணும், உங்கள் சூத்திரம் ஒன்றைத்தான் நீக்கும். முதல் இரண்டுக்கு எடுத்து, வந்த விடையோடு மூன்றாவதைச் சேர்த்துத் திரும்ப எடுத்தால் சரி வரும்.

கமலா_டீச்சர் · 8 ஜூன், இரவு 7:50

கஜன், கழிக்கும் முறை வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘பொதுவானது கழித்து வந்ததற்குள்ளும் இருக்கும்’ என்பதை நம்ப வைக்கவே இரண்டு பீரியட் போய்விடும். 391 மாதிரி எண்ணை அந்த வயதில் யாரும் கேட்பதும் இல்லை. வாசுவின் தேர்வுக்கு வேண்டுமானால் உங்கள் முறை.

நல்லூர்_கஜன் · 8 ஜூன், இரவு 8:15

23 மீட்டர் துணியையும் 46 மீட்டர் துணியையும் மிச்சமில்லாமல் ஒரே அளவாக வெட்டச் சொன்னால் பிள்ளைகள் தாங்களாகவே கழித்துப் பார்ப்பார்கள் டீச்சர். நான் பார்த்திருக்கிறேன். இதை விடமாட்டேன்.

பொருநை_வாசு · 9 ஜூன், காலை 10:10

அந்த நோட்ஸ் முழுவதையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 45 = 3 × 15, 36 = 6 × 6, 88 = 8 × 11, 60 = 4 × 15, 48 = 6 × 8 என்று பட்டியலாக இருக்கிறது. 45-ல் 3 இரண்டு பக்கமும் வருவதால் 15-ஐத்தான் சோதிக்கிறோம், அடித்துவிட்டு 5 × 9 எழுதினேன். 36-ல் 6-ஐ இரண்டு தடவை சோதிப்பதில் ஒன்றுமே இல்லை, 4 × 9. 88-ம் 60-ம் சரி. 48-க்கு 3 × 16. 16-க்குக் கடைசி நான்கு இலக்கம் பார்க்க வேண்டும், அது கொஞ்சம் நேரம் இழுக்கிறது. வேறு வழி இருக்கிறதா?

கமலா_டீச்சர் · 9 ஜூன், மாலை 5:15

48-க்கு வேறு பிரிவினை கிடையாது, நான்கு 2-ம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கடைசி நான்கு இலக்கத்தைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள், நான்கு தடவை மீதி இல்லாமல் பாதியானால் சரி. 7344 என்றால் 3672, 1836, 918, 459. நான்காவது தடவையும் பாதியாகிவிட்டது, 16-ஆல் போகும். 459-ஐப் பற்றிக் கவலை வேண்டாம்.

மில்லிங்_செல்வம் · 9 ஜூன், இரவு 9:40

48-க்கு 40/48, 5/6. 18 வட்டத்தில் 15 துளை. வாசு தம்பி, தேர்வு முடிந்ததும் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், மெஷினில் காட்டுகிறேன். கஜன் தம்பிக்கு ஒரு கேள்வி: 24-ஐ அப்படியே வைத்து 36-க்குப் பதில் 35 போட்டாலும் பொதுவாக ஒன்றுமில்லைதானே? 35 பகா எண் இல்லையே என்று இங்கே ஒருவர் சண்டை போடுகிறார்.

நல்லூர்_கஜன் · 9 ஜூன், இரவு 10:05

35-ல் 5-ம் 7-ம். 24-ல் 2-ம் 3-ம். பொதுவாக எதுவும் இல்லை, தாராளமாகப் போடலாம். 840 பல்லுக்குப் பிறகுதான் அதே ஜோடி சந்திக்கும். ஆனால் சின்னச் சக்கரத்தை 25-ஆக மாற்றினால் 35 உதவாது, 5 வந்து இரண்டிலும் உட்கார்ந்துவிடும்.